ஸ்ரீகண்ட்: மூன்று கிண்ணங்களில் சர்க்கரைக் கணக்கு

மராத்தியரின் புத்தாண்டான குடி பாட்வா நெருங்கினால் புனேயின் பால் கடைகளில் சக்காவை எடை போட்டு விற்பார்கள். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்தபின் மிஞ்சுவதுதான் சக்கா. அதில் சர்க்கரை கலந்து செய்யும் இனிப்புதான் ஸ்ரீகண்ட்; சக்காவை வாங்கிவந்தால் வேலை பாதி முடிந்துவிடும். ஆனால் கடைச் சக்காவின் புளிப்பு நம் கையில் இல்லை. சர்க்கரை அளவைச் சோதிக்க வேண்டுமானால் தயிரும் நம்முடையதாக இருக்க வேண்டும் என்று பாலிலிருந்தே தொடங்கினேன்.

ஆறு சதவீதக் கொழுப்புள்ள பால் ஒன்றேகால் லிட்டர் எடுத்தேன். காய்ச்சிய பால் ஆறும்போது ஆடை படியாதபடி அவ்வப்போது கிளறிவிட்டேன். ஆடைத் துணுக்குகள் தயிரில் கலந்தால் பிறகு அவைதான் முதல் திப்பி. உறைமோர் குறைவாக இட்டு, தயிர் உறைந்து கெட்டியானதும் புளிக்கவிடாமல் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டேன். மறுநாள் மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, கீழே பாத்திரம் வைத்து, குளிர்பெட்டியிலேயே தொங்கவிட்டேன். வெளியே தொங்கவிட்டால் சீக்கிரம் வடியும், ஆனால் வெயில் காலத்தில் வடிவதற்குள் புளித்துவிடும். புளிப்பு ஏறினால் சர்க்கரையும் கூட்ட வேண்டியிருக்கும், கணக்கே மாறிவிடும்.

இடையில் ஒருமுறை முடிச்சை அவிழ்த்து, துணியோரம் ஒட்டியிருந்ததை வழித்து நடுவில் போட்டுத் திரும்பக் கட்டினேன். இது சின்ன வேலைதான், ஆனால் விடக்கூடாதது. ஓரத்துச் சக்கா நடுப்பகுதியைவிட வேகமாகக் காய்ந்து இறுகுகிறது. அந்த இறுகிய பகுதி சர்க்கரையோடு சேராமல் துகள் துகளாக நிற்கும். மறுநாள் காலையில் சக்காவை உருண்டையாகப் பிடிக்க முடிந்தது, விரலில் ஈரம் ஒட்டவில்லை. எடை 450 கிராம்.

அதை 150 கிராம் வீதம் மூன்று கிண்ணங்களில் பிரித்தேன். முதல் கிண்ணத்தில் சக்காவின் எடைக்குச் சமமாகச் சர்க்கரை. மராத்தி வீடுகளில் பெரும்பாலும் இதுதான் வழக்கம். இரண்டாவதில் முக்கால் பங்கு, அதாவது சுமார் 112 கிராம். மூன்றாவதில் பாதி, 75 கிராம். வீட்டிலேயே பொடித்த சர்க்கரையைத்தான் சேர்த்தேன். கடையில் கிடைக்கும் ஐசிங் சர்க்கரையில் கட்டி பிடிக்காமலிருக்க மாவு கலந்திருக்கும்; அது நாக்கில் சுண்ணாம்புபோலப் படிகிறது.

கலந்ததும் மூன்றுமே தளர்ந்தன. சர்க்கரை சக்காவில் மிஞ்சியிருக்கும் தண்ணீரை இழுத்துக்கொண்டு கரைவதால் அப்படி ஆகிறது. கெட்டியாக்க வேண்டுமென்று பதற வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் மூடிவைத்தேன். சல்லடையில் தேய்ப்பதால் சர்க்கரை கரைந்துவிடாது. முழுதும் கரைந்த பிறகே தேய்க்க வேண்டும். எதிர்வீட்டு மராத்தி அம்மா பூரண் யந்திரத்தைக் கொடுத்தார். போளிப் பூரணத்தை மசிக்க உதவும் துளைத்தட்டுப் பாத்திரம் அது. அது இல்லாதவர்களுக்கு நெருக்கமான வலைச் சல்லடையும் தட்டைக் கரண்டியும் போதும். மிக்ஸியை எடுக்க வேண்டாம். கூழாக நீர்த்துவிடும்; கொழுப்பு மிகுந்த தயிரென்றால் வெண்ணெய் பிரிந்து குருணைகள் வந்துவிடும்.

திப்பி எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க ஒரு துளியை விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்க்கலாம். நறநறவென்று இருந்து நாக்கில் கரைந்தால் சர்க்கரை. இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்தால் சரியாகும். பிசுபிசுப்பாக வழுக்கினால் வெண்ணெய். கரையாமல், மெல்லிய மாவுத் துகளாக நின்றால் தயிரின் புரதம். அதைச் சல்லடையில் இன்னொருமுறை தேய்த்தால் குறையுமே தவிர, மிகப் புளித்த தயிராக இருந்தால் முழுதும் போகாது.

வெதுவெதுப்பான பால் ஒரு கரண்டியில் ஊறிய குங்குமப்பூவும் ஏலக்காய்ப்பொடியும் சேர்த்து, சில மணி நேரம் குளிரவைத்தபின் சுவைத்தேன். குளிர்ந்தால் இனிப்பு மட்டுப்படும் என்பதால் கலந்த கையோடு சுவைத்து அளவைத் தீர்மானிக்கக் கூடாது. பாதிச் சர்க்கரைக் கிண்ணம் பாலாடைக்கட்டி மாதிரி இறுகி, புளிப்பு முன்னால் நின்றது. சமஎடைக் கிண்ணம் பளபளப்பாக, கரண்டியிலிருந்து மெல்ல வழிந்தது; சூடான பூரியோடு நன்றாக இருந்தது, தனியாகச் சாப்பிடத் திகட்டியது. என் ஓட்டு முக்கால் பங்குக்கு. எதிர்வீட்டு அம்மாவோ சமஎடைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் இனிப்புத் தயிர் என்று ஒதுக்கிவிட்டார்.

மாம்பழம் வந்ததும் ஆம்ரகண்ட் செய்ய வேண்டும். பழக்கூழிலேயே இனிப்பும் தண்ணீரும் இருப்பதால் சர்க்கரையைப் பாதிக்கும் கீழே இறக்கி, சக்காவை இன்னும் சில மணி நேரம் கூடுதலாகத் தொங்கவிடுவதாக இருக்கிறேன்.