சிகேஏ பாஸ் ஆகிவிட்டது, வேலையும் மாறியாச்சு. ஆனால் முதலாவதால் இரண்டாவது நடக்கவில்லை

குபர்நெட்டிஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் தேர்வான சிகேஏ-வை முடித்துவிட்டேன். என்ன படிப்பது, எந்த வீடியோ பார்ப்பது என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதற்குள் நான் போகவில்லை. தேர்வு நேரத்தில் எது கழுத்தைப் பிடிக்கும், 445 டாலர் கட்டி வாங்கிய சான்றிதழைக் கம்பெனிகள் எப்படிப் பார்க்கின்றன என்ற இரண்டை மட்டும் சொல்கிறேன். இரண்டாவதில் எனக்கு இன்னும் ஆதங்கம் தீரவில்லை.

முதலில் நம்ம ஊர்க்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயராக அச்சடித்திருப்பார்கள். தேர்வுக் கணக்கில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தேர்வு நாளில் கேமரா முன் அட்டையைக் காட்டும்போது பொருந்தவில்லை என்றால் உள்ளேயே விட மாட்டார்கள். பணம் கட்டிய அன்றைக்கே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

தேர்வு இரண்டு மணி நேரம். 15 முதல் 20 பணிகள் வரும், 66 சதவீதம் எடுத்தால் பாஸ். ஒரு பணிக்குச் சராசரியாக ஏழு நிமிடம்தான். உங்கள் லேப்டாப்பின் டெர்மினல் கிடையாது, எங்கோ ஓடும் லினக்ஸ் டெஸ்க்டாப்புக்குள் உட்கார வைக்கிறார்கள். எழுத்து ஒரு நொடி தாமதமாக வரும். அந்த டெர்மினலில் காப்பிக்கு `Ctrl+Shift+C`, பேஸ்ட்டுக்கு `Ctrl+Shift+V`. உள்ளே இருக்கும் பிரவுசரில் மட்டும் வழக்கமான `Ctrl+C`. கை இதற்குப் பழகியிருக்க வேண்டும். ஒவ்வொரு பணிக்கும் வேறு மெஷினுக்குள் `ssh` செய்யச் சொல்வார்கள். முடித்ததும் `exit` கொடுத்து வெளியே வந்தே ஆக வேண்டும். தப்பான மெஷினில் எவ்வளவு அழகாகச் சரிசெய்தாலும் மதிப்பெண் கிடையாது. கட்டணத்தோடு மாதிரித் தேர்வு இரண்டு முறை கிடைக்கும், ஒவ்வொன்றும் 36 மணி நேரம் திறந்திருக்கும். அது நிஜத் தேர்வைவிடக் கடினம். மதிப்பெண்ணைப் பார்த்து பயப்படாதீர்கள், ஆனால் அதே டெஸ்க்டாப்பில் கை பழக அதைவிட நல்ல இடம் இல்லை.

மதிப்பெண்ணில் 30 சதவீதம் பழுது பார்த்தலுக்குத்தான். தேர்வில் வந்த கேள்வியை வெளியே சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம் இருக்கிறது. அதனால் நான் பயிற்சி மெஷினில் வேண்டுமென்றே உடைத்துப் பழகிய ஒன்றைச் சொல்கிறேன். `kubectl` எதைக் கொடுத்தாலும் இணைப்பு மறுக்கப்பட்டது என்று வருகிறது. ஏபிஐ சர்வர் விழுந்துவிட்டது, ஆகவே `kubectl` இனி உதவாது. கன்டெய்னர் மட்டத்துக்கு இறங்க வேண்டும்.

```
crictl ps -a | grep kube-apiserver
crictl logs <container-id>
journalctl -u kubelet | tail -50
```

லாகில் `127.0.0.1:2380` என்ற முகவரியை அடைய முடியவில்லை என்று திரும்பத் திரும்ப வருகிறது. கிளஸ்டரின் தகவல்களைச் சேமித்து வைக்கும் இடிசிடி தன் வாடிக்கையாளர்களுக்குக் காது கொடுப்பது 2379-இல். 2380 இடிசிடி மெஷின்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு. `/etc/kubernetes/manifests/kube-apiserver.yaml` கோப்பில் அந்த ஓர் எண்ணை மாற்றினால் போதும். மெஷினில் கன்டெய்னர்களை ஓட்டும் கூப்லெட் அந்தக் கோப்புறையைக் கவனித்துக்கொண்டே இருப்பதால் தானாகவே சர்வரை மறுபடி எழுப்பும். `crictl` பட்டியலில் கன்டெய்னரே இல்லை என்றால் கோப்பின் யாம்ல் வடிவமே கெட்டிருக்க வாய்ப்பு அதிகம், அப்போது மூன்றாவது கட்டளைதான் காரணத்தைச் சொல்லும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. திருத்துவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைப்பது நல்ல பழக்கம். ஆனால் அந்த நகலை அதே கோப்புறையில் `.bak` என்று முடித்து வைக்காதீர்கள். புள்ளியில் தொடங்காத எல்லாக் கோப்பையும் கூப்லெட் படிக்கும், பெயர் எப்படி முடிகிறது என்று பார்க்காது. ஒரே பாட், அதாவது கன்டெய்னர்களைச் சுமக்கும் அலகு, இரண்டு கோப்பில் இருந்தால், நீங்கள் திருத்தியது சரியாக இருந்தும் பழையதே ஓடலாம். நகலை `/root` கோப்புறையில் போடுங்கள். சர்வர் எழும்பக் கொஞ்ச நேரம் ஆகும். அதைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் அடுத்த பணிக்குப் போய்விட்டு, முடிவில் ஒரு முறை திரும்பி வந்து பார்த்துவிடுங்கள்.

சரி, கம்பெனிகளுக்கு வருவோம்.

ஒரு சர்வீஸ் கம்பெனி என் ரெஸ்யூமேயைப் பார்த்ததும் ஓடி வந்தது. எச்ஆர் கேட்ட முதல் கேள்வி, "சர்டிஃபிகேட் எப்போ எக்ஸ்பயர் ஆகுது சார்?" அடுத்த கேள்வி, எத்தனை நாளில் சேர முடியும். டெக்னிக்கல் சுற்று பேருக்கு நடந்தது. எந்தப் புராஜெக்ட் என்று கேட்டால் பதில் இல்லை. சம்பளமும் வாங்கிக்கொண்டிருந்ததைவிடப் பெரிதாக ஏறவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. குபர்நெட்டிஸ் திட்டத்தின் தாய் அமைப்பான சிஎன்சிஎஃப், குபர்நெட்டிஸ் சேவை தரும் நிறுவனங்களுக்கு ஓர் அங்கீகாரம் தருகிறது, கேசிஎஸ்பி என்பார்கள். அதற்குத் தகுதி பெறக் குறைந்தது மூன்று சிகேஏ வைத்திருப்பவர்கள் பணியில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் உங்கள் சான்றிதழுக்கு நிஜமான விலை உண்டு, ஆனால் அது கம்பெனிக்குக் கிடைக்கும் விலை. தெரிந்துகொண்டு பேசினால் அதில் ஒரு பங்கை நீங்கள் கேட்டு வாங்கலாம்.

சொந்தமாக ஒரு செயலியை நடத்தும் இன்னொரு கம்பெனியில் நேர்காணல் எடுத்தவர் சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கேட்டது இதுதான்: "ஒவ்வொரு தடவை புது வெர்ஷன் போடும்போதும் சில நொடிகளுக்கு 502 வருது. பாட் எல்லாம் நல்லா இருக்கு. என்ன நடக்குது?"

சிகேஏ-வுக்காகப் படித்த எதிலும் இதற்குப் பதில் இல்லை. பழைய வேலையில் இதே தொல்லையைப் பட்டிருந்ததால் சொல்ல முடிந்தது. பழைய பாட்டை நீக்கும்போது இரண்டு காரியம் ஒரே சமயத்தில் தொடங்குகிறது. ஒரு பக்கம் கூப்லெட் செயலிக்கு `SIGTERM` அனுப்புகிறது. இன்னொரு பக்கம் அந்தப் பாட்டின் முகவரி சர்வீஸ் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, அந்தச் செய்தி ஒவ்வொரு நோடுக்கும் இங்கிரஸுக்கும் போய்ச் சேர வேண்டும். ஒன்று மற்றதற்குக் காத்திருப்பதில்லை. செயலி உடனே மூடிக்கொண்டால், செய்தி போய்ச் சேராத இடத்திலிருந்து வரும் கோரிக்கைகள் மூடிய கதவில் முட்டும். `preStop`-இல் பத்து நொடி தூங்க வைத்தால் பெரும்பாலும் சரியாகும். அந்தத் தூக்கமும் வழக்கமான 30 நொடி அவகாசத்துக்குள்தான் கணக்கு, ஆகவே செயலி மூடவே நேரம் பிடிக்கும் என்றால் `terminationGracePeriodSeconds` மதிப்பையும் கூட்ட வேண்டும். அவர் அரை மணி நேரம் இதையே தோண்டித் தோண்டிக் கேட்டார். வேலை அங்கேதான் கிடைத்தது.

தேர்வு வீண் என்று சொல்ல வரவில்லை. ஏபிஐ சர்வர் விழுந்தால் எங்கே போய்ப் பார்ப்பது என்பது அந்தப் பயிற்சியில்தான் எனக்கு விரல் நுனிக்கு வந்தது, ரெஸ்யூமே எச்ஆர் வடிகட்டியைத் தாண்டவும் அது உதவியிருக்கும். ஆனால் புதிதாக வருகிறவர்கள் கடன் வாங்கி இதை எழுதினால் வேலை வந்துவிடும் என்று பயிற்சி மையங்கள் சொல்வதைக் கேட்கும்போது கோபம் வருகிறது. ஆயுளும் குறைந்துவிட்டது. 2024 ஏப்ரலுக்கு முன் பெற்றவர்களுக்கு மூன்று வருடம் செல்லும், இப்போது இரண்டே வருடம். கட்டணத்தில் ஒரு மறுவாய்ப்பு சேர்ந்திருப்பதும் நவம்பர் கடைசியில் வரும் தள்ளுபடியும்தான் ஆறுதல்.

சர்வீஸ் கம்பெனி அழைத்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: கேசிஎஸ்பி எண்ணிக்கைக்கு என் பெயரைக் காட்டுவீர்களா, அப்படியென்றால் புதுப்பிக்கும் கட்டணம் யாருடையது? ஆஃபர் லெட்டரில் எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.