மார்ச்சில் வாங்கிய ஓபிசி சான்றிதழ் ஏன் செல்லாமல் போகிறது?

தமிழ்நாட்டில் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழை ஒருமுறை வாங்கிவிட்டால் அதோடு வேலை முடிந்தது. பள்ளியில் படிக்கும்போது வாங்கியதையே டிஎன்பிஎஸ்சி வரை காட்டலாம். மாநில இட ஒதுக்கீட்டில், வசதியானவர்களை விலக்கிவைக்கும் கிரீமி லேயர் கிடையாது என்பதால் அதில் இருக்கும் தேதியை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. இந்தப் பழக்கத்தோடு மத்திய அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிப்பவர்கள்தான் சான்றிதழ் சரிபார்ப்பில் அதிகம் மாட்டுகிறார்கள்.

மத்திய அரசு கேட்கும் ஓபிசி சான்றிதழ் ஒரே தாளில் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று, நீங்கள் இன்ன சாதி, அது மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறது என்பது. இது மாறாது. இன்னொன்று, நீங்கள் கிரீமி லேயரில் இல்லை என்பது. இது வருமானத்தையும் பெற்றோரின் பதவியையும் பொறுத்தது, ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. தேதிப் பிரச்சினை முழுக்க இந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது.

சான்றிதழைக் கையில் எடுத்துப் பாருங்கள். கீழ்ப் பகுதியில், 8.9.1993 தேதியிட்ட மத்திய பணியாளர் துறையின் குறிப்பாணை எண் 36012/22/93-ஐச் சொல்லி, அதன் அட்டவணையில் மூன்றாவது நெடுவரிசையில் கண்ட பிரிவினரில் இவர் அடங்கமாட்டார் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் எந்த நிதியாண்டின் வருமானத்தைப் பார்த்தார்கள் என்று எழுத இடமே கிடையாது. தொகையும் கிடையாது. அப்படியானால் டெல்லியில் உட்கார்ந்து சரிபார்ப்பவருக்கு எந்த ஆண்டுகளின் வருமானம் பார்க்கப்பட்டது என்று எப்படித் தெரியும்? வழங்கிய தேதி ஒன்றுதான் தடயம். நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. ஏப்ரல் 1-க்குப் பிறகு வழங்கியிருந்தால், முடிந்த ஆண்டின் வருமானமும் கணக்கில் வந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு முன் வழங்கியிருந்தால் வந்திருக்காது. ‘ஏப்ரல் 1-க்குப் பின்’ என்று பல அறிவிப்புகளில் வருவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

2025 சிவில் சர்வீஸ் தேர்வையே எடுத்துக்கொள்வோம். அறிவிப்பு 2025 ஜனவரி 22-ல் வந்தது. ஓபிசி சான்றிதழ் 2021-22, 2022-23, 2023-24 ஆகிய மூன்று நிதியாண்டுகளின் வருமான அடிப்படையில் இருக்க வேண்டும், 1.4.2024 அன்றோ அதற்குப் பிறகோ வழங்கியதாக இருக்க வேண்டும், விண்ணப்பத்தின் கடைசி நாளைத் தாண்டக் கூடாது என்பது விதி. கடைசி நாள் முதலில் பிப்ரவரி 11 என்று இருந்து, பிறகு 21 வரை நீண்டது.

இப்போது மூன்று பேரின் கையில் மூன்று சான்றிதழ் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவருடையது 22.3.2024 தேதியிட்டது. விண்ணப்பிக்கும் நாளில் அதற்கு ஒரு வயதுகூட ஆகவில்லை, ‘ஒரு வருஷம் செல்லும்’ என்று யாரோ சொன்னதை நம்பி வைத்திருக்கிறார். ஆனால் மார்ச் 22-ல் 2023-24 நிதியாண்டு முடியவே இல்லை, எனவே அந்த ஆண்டின் வருமானத்தை அதிகாரி பார்த்திருக்க வழியில்லை. செல்லாது. இரண்டாமவருடையது 8.4.2024. இவருடைய சான்றிதழ் பத்து மாதம் பழையது, ஆனால் செல்லும். மூன்றாமவர் அறிவிப்பு வந்த பிறகு ஓடிப்போய் விண்ணப்பித்து, 25.2.2025-ல் வாங்கினார். மூன்றில் புதியது இதுதான், இதுவும் செல்லாது. சான்றிதழ் எவ்வளவு புதிது என்பது இங்கே கேள்வியே இல்லை. திறக்கும் நாள் ஒன்று, மூடும் நாள் ஒன்று, அந்த இரண்டுக்கும் இடையில் விழுந்ததா என்பதுதான் கேள்வி.

நுழைவுத் தேர்வுகளில் இந்த இடைவெளி இன்னும் குறுகிவிடுகிறது. ஜேஇஇ மெயினுக்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பித்திருப்பார்கள், அப்போது கொடுத்தது பழைய நிதியாண்டின் சான்றிதழ். ஜேஇஇ அட்வான்ஸ்டு 2025-க்கு 1.4.2025 அல்லது அதற்குப் பிறகு வழங்கியது வேண்டும் என்றார்கள். பதிவு மே முதல் வாரம் தொடங்கும்போதே முடிந்துவிட்டது. ஒரு மாதம்தான். அதற்குள் கிடைக்காதவர்கள் உறுதிமொழிப் படிவம் ஒன்றை ஏற்றிவிட்டுத் தொடரலாம், ஆனால் சேர்க்கைக் கட்டத்தில் உரிய தேதியிட்ட சான்றிதழைக் காட்டியே ஆக வேண்டும். காட்டாவிட்டால் பொதுப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள், ஓபிசி தரவரிசையில் கிடைத்த இடம் போய்விடும்.

நம் ஊரில் அந்த ஒரு மாதம் எப்படிக் கரைகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இ-சேவை மையத்தில் கேன் என்ற பதிவு எண்ணைக் கொடுத்து REV-115 என்ற சேவையில் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 60 ரூபாய். REV-103 என்பது வெறும் வருமானச் சான்றிதழ். அவசரத்தில் இதைப் பதிந்துவிட்டு, பத்து நாள் கழித்து வந்து ‘ஓபிசி எங்கே?’ என்று கேட்பவர்கள் உண்டு. விண்ணப்பம் விஏஓ, ஆர்ஐ, பிறகு வட்டாட்சியர் அலுவலகம் என்று போகும். எந்த மேசையில் நிற்கிறது என்பதை விண்ணப்ப எண்ணை வைத்துப் பார்க்கலாம். பெரும்பாலும் விஏஓவிடம்தான் நிற்கும், அதுவும் பெரும்பாலும் ஒரு காரணத்துக்காக: மூன்று ஆண்டு வருமானத்துக்கு ஆதாரம் இல்லை. ஒரே ஒரு ஆண்டின் சம்பளச் சான்றை ஏற்றியிருப்பார்கள். பெற்றோரின் மூன்று ஆண்டு சம்பளச் சான்று அல்லது வருமான வரிக் கணக்கை முதலிலேயே ஸ்கேன் செய்து வைத்தால் பாதி நாள் மிச்சம்.

விண்ணப்பித்த நாள் கணக்கில் வராது, வழங்கிய நாள்தான் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். மார்ச் 25-ல் பதிந்து மார்ச் 30-ல் சான்றிதழ் வந்துவிட்டால் அதிர்ஷ்டம் என்று தோன்றும். உண்மையில் அது கெட்ட நேரம். ஏப்ரலில் மறுபடி 60 ரூபாய் கட்ட வேண்டியதுதான். மார்ச் கடைசியில் வருபவர்களிடம் ஏப்ரல் முதல் வாரத்தில் வாருங்கள் என்று சொல்லி அனுப்புவதே நல்லது.

வருமானக் கணக்கில் ஒரு பெரிய தவறு தொடர்ந்து நடக்கிறது. அப்பா அரசு அலுவலகத்தில் குரூப் சி பணியாளர், ஆண்டுச் சம்பளம் 7.5 லட்சம். அம்மா தையல் கடை வைத்திருக்கிறார், ஆண்டுக்கு 1.8 லட்சம். கொஞ்சம் நிலத்திலிருந்து 60,000. மொத்தம் 9.9 லட்சம், 8 லட்சத்தைத் தாண்டிவிட்டது, அதனால் கிரீமி லேயர் என்று குடும்பமே ஒதுங்கிவிடும். இது தவறு. 8 லட்ச வரம்பைச் சோதிக்கும்போது அரசுப் பணியாளரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. அரசு ஊழியரைப் பதவியை வைத்துத்தான் பார்க்கிறார்கள்: பெற்றோரில் ஒருவர் நேரடியாகத் தேர்வான குரூப் ஏ அதிகாரி என்றாலோ, இருவரும் நேரடியாகத் தேர்வான குரூப் பி என்றாலோ பிள்ளைகள் கிரீமி லேயர். குரூப் சி என்றால் இல்லை. மேலே சொன்ன குடும்பத்தில் எஞ்சுவது தையல் கடையின் 1.8 லட்சம் மட்டுமே, சான்றிதழ் தாராளமாகக் கிடைக்கும். வருமானச் சான்றிதழில் 9.9 லட்சம் என்று இருப்பதைக் காட்டி ஓபிசி மறுக்கப்பட்டால், 1993 குறிப்பாணையின் அட்டவணையை அச்செடுத்து இணைத்து மனு கொடுங்கள். இன்னொன்று, வரம்பைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் எட்டினால்தான் கிரீமி லேயர். ஒரே ஆண்டு கடையில் நல்ல வியாபாரம் ஆனதால் யாரும் தகுதி இழப்பதில்லை.

ஓபிசியில் பார்ப்பது பெற்றோரை மட்டுமே. விண்ணப்பதாரர் வேலையில் இருந்தால் அவருடைய சம்பளமோ, திருமணமான பெண் என்றால் கணவரின் வருமானமோ கணக்கில் வராது. திருமணமான பெண்ணுக்குக் கணவர் பெயரில் ஓபிசி சான்றிதழ் எடுத்து வருவது அடிக்கடி பார்க்கும் பிழை. தந்தை பெயரில்தான் இருக்க வேண்டும்.

பொதுப் பிரிவில் பொருளாதாரத்தில் பின்தங்கியவர்களுக்கான இடபிள்யூஎஸ் இதற்கு நேர் எதிர். சம்பளம், விவசாயம், வியாபாரம் எல்லாம் சேரும், விண்ணப்பதாரர், துணைவர், பெற்றோர், 18 வயதுக்குக் குறைந்த உடன்பிறந்தோர், பிள்ளைகள் என எல்லாருடைய வருமானமும் சேரும். ஐந்து ஏக்கர் விவசாய நிலம், ஆயிரம் சதுர அடி வீடு போன்ற சொத்து வரம்புகளும் உண்டு. பார்ப்பது ஒரே ஒரு நிதியாண்டு. தமிழ்நாட்டு அரசு தன் இடங்களில் இந்த ஒதுக்கீட்டைத் தரவில்லை என்றாலும், மத்தியத் தேர்வுகளுக்காகச் சான்றிதழ் வாங்கலாம்.

இதன் படிவத்தில் ஆண்டுக்கு இரண்டு இடம் இருக்கிறது. வருமானம் எந்த நிதியாண்டுக்கு என்பது ஒன்று, எந்த ஆண்டுக்குச் செல்லும் என்பது மற்றொன்று. முதலாவதில் 2023-24, இரண்டாவதில் 2024-25 என்று வர வேண்டியதை, இரண்டிலும் ஒரே ஆண்டைப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். கையில் வாங்கிய உடனே இந்த இரண்டு கட்டத்தையும் படியுங்கள், திருத்தம் வேண்டுமென்றால் கடைசி நாளுக்கு முன் வாங்கிவிடுங்கள். 2022 சிவில் சர்வீஸ் தேர்வில் 2020-21 நிதியாண்டுக்கான சான்றிதழ், கடைசி நாளான 22.2.2022-க்குள் கையில் இருந்திருக்க வேண்டும். அது இல்லாமல் பொதுப் பிரிவுக்குத் தள்ளப்பட்டவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் நீதிமன்றம் யுபிஎஸ்சி பக்கமே நின்றது. ஏழ்மை உண்மைதானே, தாள்தானே தாமதம் என்ற வாதம் எடுபடவில்லை.

படிவமும் அப்படித்தான். உத்தரப் பிரதேச காவல் துறைத் தேர்வில் மாநிலப் படிவம் கேட்டிருக்க, மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் கொடுத்தவர்களின் கோரிக்கையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நமக்கு நடப்பது பெரும்பாலும் தலைகீழ்: மத்தியத் தேர்வுக்கு மாநில எம்பிசி சான்றிதழை ஏற்றுவது. தேர்வு அறிவிப்பின் பின்னிணைப்பில் இருக்கும் படிவத்தை, உங்கள் சான்றிதழோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். சாதியின் பெயர் மத்தியப் பட்டியலில் உள்ள எழுத்துக்கூட்டலோடு பொருந்துகிறதா, கையெழுத்திட்டவர் தாசில்தார் நிலைக்குக் குறையாதவரா, இனிஷியல் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். இனிஷியல் முன்னும் பின்னும் மாறுவது நமக்கு ஒன்றுமில்லை. வெளிமாநில அதிகாரிக்கு அது வேறு ஆளின் பெயர்.

மூலச் சான்றிதழ்களை நேர்முகத் தேர்வின்போது பார்ப்பார்கள். தேர்வான பிறகும் பணியில் சேர்க்கும் துறை, சான்றிதழ் வழங்கிய மாவட்டத்துக்கே எழுதி உண்மைத்தன்மையைக் கேட்கும். அந்தப் பதில் வரும்வரை பணி நியமனம் தற்காலிகம்தான். இடையில் அடுத்த ஆண்டுத் தேர்வுக்காகப் புதுச் சான்றிதழ் வாங்கினாலும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தத் தேர்வுக்கு எந்தத் தேதியிட்டதைக் கொடுத்தீர்களோ, அந்தத் தாளைத்தான் ஒவ்வொரு கட்டத்திலும் கேட்பார்கள்.