சரத்தில் தொங்கும் ஸ்டிக்கர்

எங்கள் கோபிச்செட்டிபாளையம் பக்கத்து மளிகைக்கடைகளில் பாருங்கள். சிப்ஸ் சரம் தொங்குவது ஐந்து வயதுக் குழந்தையின் கண்ணுக்கு நேராக. நேற்று ஒரு பையன், "அம்முச்சி, இதுல புது ஸ்டிக்கர் இருக்குது, வாங்கித் தாங்க" என்று சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். "வேண்டாங் கண்ணு, இருமல் வரும்" என்றார் பாட்டி. அவன் தரையில் உட்கார்ந்து அழ, கடைசியில் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

அவன் கேட்டது சிப்ஸையே அல்ல. ஸ்டிக்கர் உள்ளே இருப்பதால் பிரித்தால்தான் எது என்று தெரியும். ஏற்கெனவே இருப்பதே வந்தால் இன்னொரு பாக்கெட். விற்பவர் காசு கொடுப்பவரிடம் பேசவே இல்லை, அவரை நச்சரிக்க ஓர் ஆளை ஏற்பாடு செய்கிறார். இது எனக்குக் கோபம் வருகிற விஷயம்.

2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த விதிகள், 'அப்பா அம்மாவை வாங்கித் தரச் சொல்' என்று விளம்பரம் குழந்தையைத் தூண்டக் கூடாது என்கின்றன. தேவையில்லாத பொருளை வாங்க வைக்கும் இலவசத்தையும் ஊக்கப்படுத்தக் கூடாது என்கின்றன. 2019 நுகர்வோர் சட்டப்படி பாக்கெட் உறையும் விளம்பரம்தான். அதனால் படம் எடுத்து வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் சொல்லலாம்.

ஓட்டையும் உண்டு. சிப்ஸ், குளிர்பான விளம்பரத்துக்கான தடை குழந்தைகள் சேனலுக்கும் நிகழ்ச்சிக்கும் மட்டும்தான். வீடே உட்கார்ந்து பார்க்கும் கிரிக்கெட்டுக்கும் சீரியலுக்கும் அது இல்லை. அங்கேதானே பிள்ளைகளும் இருக்கிறார்கள்?