இருபது நிமிஷம் கழித்து வரும் பிழை

மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்த மதர்போர்டு நேற்று ராத்திரி ஒருவழியாகப் படிந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டு அக்காவின் பழைய டெஸ்க்டாப். எச்61 போர்டு, இரண்டே ஸ்லாட், டிடிஆர்3. காலையில் போட்டால் ஜோராக ஓடும், இருபது நிமிஷத்தில் உறையும், ரீஸ்டார்ட் செய்தால் பீப் அடிக்கும். வேறொரு கடையில் ஏற்கெனவே இரண்டு முறை புது ரேம் மாற்றித் தந்திருக்கிறார்கள். “இனிமே ரேம் வாங்க மாட்டேன் தம்பி. அது ஒண்ணைத் தவிர வேற எது வேணும்னாலும் சொல்லு” என்று சொல்லித்தான் வைத்துவிட்டுப் போனார்.

ரப்பர் போட்டுத் தேய்த்தது, ஐசோபுரோப்பில் விட்டுப் பிரஷ்ஷால் ஸ்லாட்டைக் கழுவியது எல்லாம் செய்தாயிற்று. ரேம் குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் எந்தக் குச்சியானாலும் முதல் ஸ்லாட்டில் சுத்தம், இரண்டாவதில் பிழை. அதனால் ஸ்லாட்தான் குற்றவாளி என்று உடனே தீர்ப்பு எழுத முடியாது. எச்61-இல் சிபியுவிலிருந்து ரேமுக்குப் போகும் பாதையான சேனல் ஒன்றுக்கு ஒரு ஸ்லாட்தான். அதே சேனலில் இன்னொரு ஸ்லாட் இருந்தால் அதில் போட்டுப் பார்த்துப் பிரித்துவிடலாம். இங்கே சிபியு சாக்கெட்டில் ஒரு பின் மடங்கியிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். சாக்கெட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தேன், பின்கள் எல்லாம் நேராகவே இருந்தன. சந்தேகம் மட்டும் போகவில்லை.

ஒரே குச்சியை இரண்டாவது ஸ்லாட்டில் மட்டும் போட்டு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டின் பழைய 5.01-ஐ ஓடவிட்டேன். இரண்டு குச்சி போட்டால் முகவரிகள் இரண்டு சேனலிலும் மாறி மாறி விழும், கணக்கு குழம்பிவிடும். முதல் சுற்று சுத்தம். போர்டு சூடானதும் சிவப்பு வரிகள் கொட்டின. எல்லாம் இந்த அச்சில்தான்:

```
Failing Address  Good      Bad       Err-Bits
0002a7f1c48      ffffffff  ffdfffff  00200000
```

குச்சி மாற்றினாலும் கடைசிப் பத்தி மாறவில்லை. வலப்பக்கத்திலிருந்து பூஜ்யம் தொடங்கி எண்ணினால் அது 21-ஆவது பிட். முகவரி எல்லாம் 0-விலோ 8-லோ முடிந்ததால் 64 டேட்டா லைன்களில் முதல் 32-க்குள் இருக்கிறது. ஆனால் அது 21-ஆவது லைனேதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. தடம் இழுக்க வசதியாக ஒரு பைட்டுக்குள் லைன்களை இடம் மாற்றி வைக்கும் போர்டுகள் உண்டு. எட்டு லைன் கொண்ட கொத்து வரை பெரும்பாலும் நம்பலாம், அதாவது 16 முதல் 23 வரை. ஸ்லாட்டில் அவை 21, 22, 27, 28 ஒரு பக்கம், 140, 141, 146, 147 மறுபக்கம். 240 கால்களில் எட்டுக்கு வந்தாயிற்று.

பிறகுதான் வேடிக்கை. பவர் கேபிளைக் கழற்றி, ரேமை எடுத்து, சிபியுவை மட்டும் விட்டு, மல்டிமீட்டரை டயோடில் வைத்துச் சிவப்பைக் கிரவுண்டிலும் கறுப்பைப் போர்டின் பின்பக்கக் காலிலும் தொட்டேன். எட்டும் 0.41-லிருந்து 0.43-க்குள். எட்டுமே நல்லது! சாக்கெட் சந்தேகம் அப்போதே தீர்ந்தது, ஏனென்றால் இந்த அளவு சிபியுவின் உள்ளே போய்த்தான் வருகிறது. ஆனால் பிழை எங்கே? ஒரு முழு நாள் இதிலேயே போயிற்று. மறுபடி மறுபடி அளந்தேன், மீட்டரின் பேட்டரியைக்கூட மாற்றினேன்.

புரோபின் முனைதான் ஏமாற்றுகிறது என்று ராத்திரி படுத்தபிறகுதான் உறைத்தது. காலைச் சுற்றி ஈயத்தில் முடி போல ஒரு விரிசல் இருந்தால், நான் முனையை அழுத்தும்போது கால் சாய்ந்து பேடைத் தொட்டுவிடும். விரிசலை நானே மூடிவிட்டு, நல்லதென்று குறித்துக்கொண்டிருக்கிறேன்.

அழுத்தாமல் அளக்க வேண்டும். செத்துப்போன டிடிஆர்3 குச்சி ஒன்றை எடுத்து ஹாட் ஏரில் அதன் சிப்புகளை எல்லாம் உரித்தேன். சிப் இருந்தால் அதற்குள் இருக்கும் டயோடும் சேர்ந்து காட்டும், அளவு பொய்யாகும். தங்கக் கால்களுக்குச் சற்று மேலே வரிசையாக இருக்கும் குட்டி ரெசிஸ்டர்களை விட்டுவைத்தேன். இந்த மொட்டைக் குச்சியைச் ஸ்லாட்டில் செருகி, ரெசிஸ்டரின் முனையில் தொட்டால் ஸ்லாட்டின் ஸ்பிரிங், கால், ஈயம் எல்லாவற்றையும் தாண்டித்தான் அளவு வரும். என் கை அழுத்தம் அந்தக் காலுக்குப் போகாது. எந்த ரெசிஸ்டர் எந்தக் காலுக்கு என்று கன்டின்யுட்டியில் பார்த்து மார்க்கரால் எண் எழுதியதற்கே ஒரு மணி நேரம். அது வீண் போகவில்லை, இந்தக் குச்சி இனி என் மேஜையை விட்டு நகராது.

குளிர்ந்த போர்டில் எட்டும் 0.42 பக்கம். ஹேர் டிரையரை ஸ்லாட்டின் அடிப்பக்கம் காட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தேன். 141-இல் நின்றபோது 0.42... 0.42... 0.61... `OL`, அதாவது தொடர்பே அறுந்துவிட்டது. போர்டின் ஓரத்தை விரலால் லேசாகத் தூக்கினால் மறுபடி 0.42. விட்டால் `OL`. தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். (21-ஆவது லைன்தான் 141. இந்தப் போர்டில் இடமாற்றம் எதுவும் இல்லை போல.)

ஏன் விரிந்தது என்பதும் தெரிந்தது. இந்தக் குறுகலான போர்டுகளில் ரேம் பக்கத்து ஓரத்துக்குக் கீழே தாங்கிப்பிடிக்கும் ஸ்டாண்ட்-ஆஃப் கிடையாது, அந்தரத்தில் தொங்கும். கட்டைவிரலால் ரேமை அமுக்கும் ஒவ்வொரு முறையும் போர்டு வில்லாக வளையும். ரேம் மாற்ற மாற்ற விரிசல் பெரிதாகியிருக்கும்.

ஈயம் வைத்தது ஐந்து நிமிஷ வேலை. காலுக்குக் காலிடைவெளி ஒரு மில்லிமீட்டர்தான், பக்கத்து 142 கிரவுண்ட். ஃபிளக்ஸ் வைத்து, 350 டிகிரியில் பழைய ஈயத்தை விக்கால் இழுத்துவிட்டுக் காரீயம் கலந்த புது ஈயம் கொடுத்தேன். பழையதன் மேலேயே தடவினால் விரிசல் அடியில் ஒளிந்துகொள்ளும். 142-உடனும் 140-உடனும் ஷார்ட் இல்லை என்று பார்த்துக் கழுவினேன். இங்கே ஒரு புலம்பல்: இந்தத் தடவை வந்த ஃபிளக்ஸ் சிரிஞ்சு பாதி காய்ந்தே வந்தது. விற்றவரிடம் கேட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவில்லையா என்கிறார். வந்த அன்றே பிரித்தேனய்யா!

நேற்று ராத்திரி அந்த ஸ்லாட்டில் மட்டும் ஒரு குச்சி போட்டு, கேபினட்டை மூடி, ஃபேனைத் தணித்துச் சூடாக ஓடவிட்டேன். காலையில் நான்கு பாஸ், பிழை பூஜ்யம். இரண்டு குச்சியும் சேர்ந்து இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கா எட்டிப்பார்த்து, “என்ன மாத்துன?” என்றார். “ஒண்ணும் மாத்தலக்கா.” நம்பின மாதிரி தெரியவில்லை.

தொங்கும் ஓரத்துக்குக் கீழே ஒட்ட ரப்பர் பாதம் வெட்டி வைத்திருக்கிறேன், இன்னும் ஒட்டவில்லை. சிபியு பேஸ்ட்டும் பாக்கி. அதற்குள் மனசு டிடிஆர்4 மொட்டைக் குச்சிக்குப் போய்விட்டது. 288 கால், இடைவெளி 0.85 மில்லிமீட்டர். ஸ்லாட்டை மேற்பரப்பிலேயே ஒட்டியிருக்கும் போர்டுகளில் பின்பக்கம் தொட ஒரு காலும் கிடைக்காது, அங்கே இந்தக் குச்சியை விட்டால் வேறு வழியில்லை. செத்த டிடிஆர்4 குச்சி யாராவது தூக்கி எறிவதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.