ஐந்து நிமிடத்தில் போன விமானம்

இரண்டு விமானங்களை ஒரே டிக்கெட்டில் எடுத்ததைவிடத் தனித்தனியாக எடுத்தது மலிவாக இருந்தது. நடுவில் 3 மணி 40 நிமிடம். தாராளம் என்றுதான் நினைத்தேன்.

முதல் சறுக்கல் புறப்படும் இடத்திலேயே தெரிந்தது. கவுண்டரில் இருந்தவர், "நடுவில் இறங்கும் நாட்டுக்கு விசா இருக்கா?" என்று கேட்டார். அடுத்த டிக்கெட்டைக் காட்டினேன். அவர்கள் கணக்கில் என் பயணம் அந்த ஊரோடு முடிகிறது. பெட்டியை எடுக்க நான் அந்த நாட்டுக்குள் நுழைந்தே ஆக வேண்டும். நல்லவேளை, விசா இருந்தது. இல்லையென்றால் அங்கேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். பெட்டியில் ஒட்டிய சீட்டைப் பார்த்தேன். மூன்றெழுத்துக் குறியீடு நடு ஊரினுடையது.

காலை 9:20க்கு இறங்க வேண்டிய விமானம் 10:15க்குத்தான் இறங்கியது. கதவு திறக்க 10:30. இமிகிரேஷன் ஹாலில் அதற்கு முன்பே இரண்டு பெரிய விமானங்களின் கூட்டம் நின்றது. டிரான்ஸிட் பயணிகள் பக்கத்து வழியில் சரசரவென்று போய்க்கொண்டிருந்தார்கள். அது எனக்கில்லை. முத்திரை விழும்போது 11:20. பெட்டி பெல்ட்டில் வர 11:45. சுங்கத்தைத் தாண்டி அடுத்த டெர்மினலுக்கு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது 12:05.

விமானம் 1:00 மணிக்கு. ஆனால் நான் கணக்குப் போட்டிருக்க வேண்டிய நேரம் 12:00. புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே பெட்டி வாங்குவதை அவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். என் 3 மணி 40 நிமிடம் உண்மையில் 2 மணி 40 நிமிடம்தான். அதில் 55 நிமிடத்தைத் தாமதம் தின்றுவிட்டது. போர்டிங் பாஸ் போனிலேயே இருந்தது, பெட்டியை விட்டுவிட்டா போவது?

முதல் நிறுவனத்திடம் கேட்கவும் வழியில்லை. அவர்கள் என்னை அந்த ஊரில் இறக்கிவிட்டார்கள், அத்தோடு சரி. இரண்டாவது நிறுவனத்துக்கு நான் வெறுமனே தாமதமாக வந்த ஆள். ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பாகியிருக்கும்.

கவுண்டரில் இருந்த பெண் ஒரு நல்லது செய்தார். "விமானம் கிளம்புறதுக்குள்ள தேதி மாத்திடுங்க. கிளம்பிட்டா நோ-ஷோன்னு விழும், இதே டிக்கெட்ல இருக்குற உங்க ரிட்டர்னும் ரத்தாகிடும்." எனக்கு இது தெரியவே தெரியாது. கோபத்தில் அங்கேயே உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்திருப்பேன். மாற்றுக் கட்டணமும் கட்டண வித்தியாசமும் சேர்த்துக் கட்டி, 12:40க்கு மறுநாள் காலை விமானத்துக்கு மாற்றினேன். மலிவாகக் கிடைத்ததில் மிச்சப்படுத்தியதைப்போல இரு மடங்கு போனது.

பயணக் காப்பீட்டில் கேட்டுப் பார்த்தேன். இணைப்பு விமானம் தவறினால் பணம் உண்டு, ஆனால் ஒரே டிக்கெட்டில் இருந்தால் மட்டும் என்று பாலிசியின் உள்பக்கத்தில் எழுதியிருந்தது.

திரும்பி வரும்போதும் அதே தனித்தனி டிக்கெட்டுகள்தான். இந்த முறை நடு ஊரில் ஒரு இரவு தங்கினேன்.