பீளை இல்லாத கண்ணீர்

குளுக்கோமா என்கிற கண் அழுத்த நோயோடு பிறந்த என் மகளுக்கு இரண்டு கண்களிலும் அறுவை சிகிச்சை முடிந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. பார்வை இருக்கிறது. ஆனாலும் அதற்கு முன் நாங்கள் வீணாக்கிய ஐந்து வாரங்களை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

பிறந்த மூன்றாவது வாரமே கண்ணில் நீர் வடியத் தொடங்கியது. பார்க்க வந்தவர்கள் எல்லாம், "என்ன பெரிய கண், அப்படியே பாட்டியைப் போல!" என்றார்கள். கண்ணேறு பட்டுவிடும் என்று அத்தை கன்னத்தில் மை வைத்தார். அந்தப் பெரிய கண்தான் நோய் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஐந்தாவது வாரம் குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. "கண்ணீர்க் குழாய் அடைப்பு. பல குழந்தைகளுக்கு இருக்கும், தானாகத் திறந்துகொள்ளும். மூக்கின் ஓரம் விரலால் அழுத்தித் தேய்த்து விடுங்கள்" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். அடைப்பு என்பது உண்மையிலேயே பரவலாக வருவதுதான், அதனால் நாங்களும் நம்பினோம். ஒரு நாளைக்கு நான்கு வேளை, வேளைக்குப் பத்து முறை என்று எண்ணி எண்ணித் தேய்த்தேன்.

அன்று எனக்குத் தெரியாமல் போனது இதுதான். குழாய் அடைத்திருந்தால் பீளை கட்டும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். ஆனால் குழந்தை வெளிச்சத்தில் கண்ணைத் திறந்து பார்க்கும். என் மகளுக்குப் பீளையே இல்லை, தெளிந்த நீர்தான். கூடவே மூக்கும் ஒழுகியது. குழாய் திறந்திருப்பதால்தான் கண்ணீர் மூக்கு வழியாக இறங்கியிருக்கிறது, நான் அதைச் சளி என்று நினைத்துக்கொண்டேன். காலை வெயிலுக்கு மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனால் முகத்தை என் தோளில் புதைத்துக்கொள்வாள். திருப்பினால் இமைகளை இறுக்கிக்கொண்டு அலறுவாள். வெயில் பழகவில்லை என்றார்கள். ஒரு நாள் விளக்கை அணைத்துவிட்டுப் பாலூட்டியபோதுதான் கண்ணை முழுதாகத் திறந்தாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பத்தாவது வாரம் இடது கண்ணின் கருவிழி, குளிர்காலத்துக் கண்ணாடியில் மூச்சுக்காற்று படிந்ததுபோல் நீலம் கலந்த சாம்பலாக மாறியது. அன்று மாலையே ஒரு கண் மருத்துவமனைக்கு ஓடினோம். அந்த மருத்துவர் விளக்கை அணைத்துவிட்டுச் சிறிய டார்ச்சால் பார்த்தார். சொன்னது ஒரே வாக்கியம்: "இது பிறவிக் கண் அழுத்த நோய், தேய்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள்."

பெரியவர்களுக்கு வருகிற குளுக்கோமாவில் கண் பெரிதாவதில்லை. கைக்குழந்தைக்கு மட்டும் ஏன் என்று கேட்டேன். கண்ணுக்குள் ஓயாமல் ஒரு நீர் சுரந்து, கருவிழியின் ஓரத்தில் இருக்கும் வடிகட்டி வழியாக வெளியேறுகிறதாம். (வெளியே வடிகிற கண்ணீர் வேறு.) இவளுக்கு அந்த வடிகட்டி கருவிலேயே சரியாக உருவாகவில்லை. உள்ளே நீர் தேங்கி அழுத்தம் ஏறுகிறது. சுமார் மூன்று வயது வரை கண்ணின் சுவர் இளகியே இருப்பதால் ஊதிய பலூன்போல விரிந்துகொடுக்கிறது. விரியும்போது கருவிழியின் உட்படலம் கிழிகிறது, கிழிசல் வழியாக நீர் ஏறி மங்குகிறது. எரிச்சல், கூச்சம், கண்ணீர் எல்லாம் அதனால்தான். அழுத்தம் குறைந்தால் மங்கல் பெரும்பாலும் தெளியும், ஆனால் விரிந்த கண் சுருங்காது, கிழிந்த வடு மறையாது. பார்வை நரம்பில் செத்த இழைகளும் திரும்பி வராது. எங்கள் ஐந்து வாரம் அங்கேதான் போயிற்று.

சொட்டு மருந்து போதாதா என்று கேட்காத உறவினர் இல்லை. போதாது. அறுவை சிகிச்சை நாள் வரை அழுத்தத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்க மட்டுமே அது. பெரியப்பா தனக்குக் கொடுத்த குளுக்கோமா சொட்டு மருந்தையே எடுத்து வந்து நீட்டினார். நல்ல வேளை, மருத்துவரிடம் காட்டினேன். அது பிரிமோனிடின். கைக்குழந்தைக்கு விட்டால் மூச்சே நின்றுபோகலாம் என்றார்.

மயக்க மருந்து கொடுத்துத்தான் கண்ணை அளக்க வேண்டும், அளந்த கையோடு அறுவை சிகிச்சையும் செய்துவிடலாம் என்று நாள் குறித்தார்கள். தாய்ப்பால் நான்கு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். நான் காவல் காத்தேன். நான் குளிக்கப் போன பத்து நிமிடத்தில், பசியில் அழுகிறாளே என்று அம்மா பாலாடையில் பசும்பால் ஊட்டிவிட்டார். அதை மறைக்காமல் சொன்னதற்கு அம்மாவை மெச்சத்தான் வேண்டும். மயக்க மருத்துவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் அட்டவணையில் பெயரை அடித்துவிட்டார். திட்டிக்கொண்டே திரும்பினேன். ஆனால் வயிற்றில் பால் இருந்து நுரையீரலுக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து, ஆகவே அவர்மேல் குற்றம் இல்லை. அடுத்த நாள் கிடைக்க ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுக்க ஒருவரையும் வீட்டுக்குள் விடவில்லை. சளி பிடித்தாலும் மயக்க மருந்து தர மாட்டார்கள்.

அளந்தபோது கருவிழியின் குறுக்களவு வலது 12.5, இடது 13 மில்லிமீட்டர். பிறந்த குழந்தைக்குப் பத்தை ஒட்டி இருக்கும், ஒரு வயதுக்குள் பன்னிரண்டைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். அழுத்தம் 26, 30. கருவிழி தெளிவாக இருந்தால் உள்ளிருந்தே வடிகட்டியைக் கீறித் திறப்பார்களாம். இவளுக்கு மங்கலில் உள்ளே எதுவும் தெரியாததால் வெளியிலிருந்து, வடிகட்டியைத் திறந்துவிடும் டிராபெகுலோடமி, நீர் வெளியேறப் புது வழி அமைக்கும் டிராபெகுலெக்டமி இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள். ஒரு கண் முடிந்ததும் கருவிகள், கையுறை எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, புதிய நோயாளியைப் போல அடுத்த கண். அது ஒன்றும் சிக்கலில்லாமல் நடந்தது.

அறுவை சிகிச்சை முடிந்த ஆறாவது வாரம் மறுபடியும் மயக்கத்தில் அளந்தார்கள்: அழுத்தம் 12, 14 என்று இறங்கியிருந்தது. அழுத்தத்தால் பார்வை நரம்பில் விழுந்த குழிவும் குறைந்திருந்தது. செத்த இழைகள் திரும்பாவிட்டாலும், இளங்கண்ணில் குழிவு அப்படி மீள்வதுண்டாம். வலது கண் தெளிந்துவிட்டது. இடது கண்ணில் மட்டும் சாய்த்துப் பார்த்தால் நத்தை ஊர்ந்த தடம்போல் இரண்டு கோடுகள். விரிந்த கண் என்பதால் கிட்டப்பார்வை. ஐந்து மாதத்திலேயே கண்ணாடி போட்டாயிற்று. மூளை இடது கண்ணை ஒதுக்கிவிடாமலிருக்க, வலது கண்ணைத் தினமும் ஒட்டுத்துணியால் மூடுகிறேன். அதைப் பிய்த்து வாயில் போடுவதில் கைதேர்ந்துவிட்டாள்.

அன்று இல்லாத பீளைக்கு இன்றுதான் பயப்படுகிறேன். நீர் வெளியேறத் திறந்த வழியில் கிருமி புகுந்தால் கண்ணே போய்விடும். சிவப்போ பீளையோ தெரிந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

நான் கட்டிக்கொண்டது அத்தை மகனை. இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபணுக் குறை குழந்தையிடம் சேர்ந்தால் இந்த நோய் வரலாம், அப்படியென்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்றார் மருத்துவர். மருத்துவமனையில் பக்கத்துக் கட்டில்காரருக்குச் சொந்தத்திலேயே திருமணம் இல்லை, அவர் பிள்ளைக்கும் வந்திருந்தது. அடுத்த குழந்தை பிறந்தால் முதல் வாரமே கண் மருத்துவரிடம் தூக்கிப் போவேன். பெரிய கண் என்று யாராவது புகழும்வரை இருக்க மாட்டேன்.

வருகிற வியாழக்கிழமை மறுபடியும் மயக்கப் பரிசோதனை. பாலாடையை இப்போதே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் தாலிக்கொடியில் இருக்கிறது.