ஏழு ஐம்பத்து மூன்று

மார்ச் 4, திங்கள்

வேலையில் மெஷினில் கார்டை வைத்த நேரம்: உள்ளே 7:54, வெளியே 4:36. இரண்டையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தேன். சம்பளச் சீட்டில் எட்டு மணி நேரம் என்றுதான் வரப்போகிறது.

மார்ச் 5, செவ்வாய்

7:55, 4:35. வேலை தேடும் இவருக்கு இன்றும் எங்கிருந்தும் அழைப்பு இல்லை.

மார்ச் 6, புதன்

7:53, 4:37. 7:53க்கு முன்னால் கார்டை வைத்தால் மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடும். 8:01 ஆனால் அரைப் புள்ளி. புள்ளி சேரச் சேர வேலைக்கே ஆபத்து. அதனால் எல்லாரும் இந்த ஏழு நிமிடத்துக்குள்தான் வந்து நிற்கிறோம். கார்டை வைத்துவிட்டுச் சும்மா இருப்பதும் இல்லை. ஸ்கேனரை சார்ஜரிலிருந்து எடுத்து, டேப் சுருளை மாற்றி, முதல் வண்டியை இழுத்து வருவதற்குள் எட்டு அடித்துவிடுகிறது.

கணக்கு இதுதான்: மெஷின் நேரத்தைக் கால்மணிக்கு ரவுண்ட் செய்கிறது. கால்மணி தாண்டி ஏழு நிமிடம் வரை பின்னால் போகும், எட்டாவது நிமிடத்திலிருந்து அடுத்த கால்மணிக்குத் தாவும். 7:53 எட்டாகிவிடும், 4:37 நாலரையாகிவிடும். சூப்பர்வைசரிடம் கேட்டேன். "சில நாள் உங்களுக்கு லாபம், சில நாள் எங்களுக்கு, மொத்தத்தில் சரியாகிவிடும்" என்றார். அமெரிக்க மத்திய அரசின் விதி கால்மணி ரவுண்டிங்கை அனுமதிப்பது அந்த நம்பிக்கையில்தான்: நாளடைவில் உழைத்த நேரம் முழுவதற்கும் சம்பளம் கிடைத்துவிட வேண்டும். எனக்கு லாபம் வர வேண்டுமென்றால் நான் 8:05க்கு வர வேண்டும். அதைத்தான் புள்ளி போட்டு அடைத்து வைத்திருக்கிறார்களே! அப்புறம் எப்படிச் சரியாகும்?

மார்ச் 8, வெள்ளி

நேற்று 7:56, 4:33. இன்று 7:54, 4:38. அந்த 38 தற்செயல். வண்டிச் சக்கரம் மாட்டிக்கொண்டது.

மார்ச் 9, சனி

இவர் தூங்கிய பிறகு வாரத்தின் நேரங்களை ஸ்பிரெட்ஷீட்டில் போட்டேன். B2இல் கார்டு வைத்த நேரம், இது அதைக் கால்மணிக்கு ரவுண்ட் செய்யும்.

```
=MROUND(B2,TIME(0,15,0))
```

சாப்பாட்டு அரைமணியைக் கழித்தால் நான் உண்மையில் வேலை செய்தது திங்கள் 8:12, செவ்வாய் 8:10, புதன் 8:14, வியாழன் 8:07, வெள்ளி 8:14. மொத்தம் 40 மணி 57 நிமிடம். உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் தனித்தனியாக ரவுண்ட் செய்தால் முதல் நான்கு நாளும் வெறும் எட்டு, வெள்ளி மட்டும் 8:15. மொத்தம் 40:15. ஒரே வாரத்தில் 42 நிமிடம் போய்விட்டது.

கலிஃபோர்னியாவில் ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் போனால் கூலி ஒன்றரை மடங்கு. அந்த 42 நிமிடமும் எட்டுக்கு மேலே உள்ளதுதான். மணிக்கு 22 டாலர் என்ற என் கூலிக்கு 23 டாலர் 10 சென்ட்.

இன்னொன்றையும் போட்டுப் பார்த்தேன். முதலில் அந்தந்த நாளின் நேரத்தைக் கூட்டிவிட்டு, அந்தக் கூட்டுத்தொகையைக் கால்மணிக்கு ரவுண்ட் செய்தால்? வியாழன் மட்டும் எட்டு, மற்ற நான்கு நாளும் 8:15. மொத்தம் 41 மணி. உண்மையைவிட மூன்று நிமிடம் கூட! அதே மெஷின், அதே கால்மணி. எதை முதலில் செய்கிறார்கள் என்பதில்தான் முக்கால் மணி நேரம் இருக்கிறது. தூக்கமே வரவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிய நாள். வாடகையைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

என் வேலை நேர, சம்பளப் பதிவுகளின் நகல் கேட்டு எழுத்தில் கொடுத்துவிட்டேன். கேட்டால் 21 நாளுக்குள் தர வேண்டும் என்பது மாநிலச் சட்டம். ரவுண்ட் செய்யாத நேரமும் வேண்டும் என்று தனியாக ஒரு வரி சேர்த்தேன். அது இல்லாவிட்டால் சீட்டில் எல்லாம் எட்டும் நாலரையுமாக அழகாகத்தான் தெரியும். கை கொஞ்சம் நடுங்கியது.

மார்ச் 14, வியாழன்

பஞ்சாபி ஆன்ட்டி தன் போனைக் காட்டினார். சாப்பாட்டுக்குப் போனது 12:01, திரும்பியது 12:28. சீட்டில் 12:00, 12:30. இருபத்தேழு நிமிடம் முப்பதாகி நிற்கிறது. சாப்பாட்டு இடைவேளையை ரவுண்ட் செய்யக் கூடாது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2021லேயே சொல்லிவிட்டது. அந்த வழக்கில் பத்து நிமிட ரவுண்டிங். இங்கே பதினைந்து. முழு அரைமணி கொடுக்காத நாளுக்கு ஒரு மணி நேரக் கூலி கூடுதலாகத் தர வேண்டும். அதனால் மறைந்த மூன்று நிமிடத்தின் விலை மூன்று நிமிடம் இல்லை.

"விடு மகளே, ரெண்டு நிமிஷம் மூணு நிமிஷம்தானே" என்றார். பதினோரு வருடமாக அங்கே இருக்கிறார். நான் பெருக்கிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

மார்ச் 20, புதன்

இவருக்கு வெள்ளிக்கிழமை இன்டர்வியூ! சட்டை இஸ்திரி போட்டேன்.

மார்ச் 22, வெள்ளி

அவரை இறக்கிவிட்டு வந்ததில் 8:03. மெஷின் எட்டு என்றே எடுத்துக்கொண்டது. அரைப் புள்ளியும் போட்டார்கள்.

மார்ச் 27, புதன்

7:56, 4:34. நகல் கேட்டுப் பதினைந்து நாள்.